தூக்கிப் போட்ட அளவுகளைத்தான் கடிதத்தில் எழுத வேண்டும்

"பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் துறை ஆசிரியை நான். மூன்று வருடம் முன்பு படித்து முடித்த மாணவி, வெளிநாட்டில் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.எஸ். படிக்கப் பரிந்துரைக் கடிதம் கேட்கிறாள். நல்ல பெண், மனதார உதவ ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் 'கடின உழைப்பாளி, நேர்மையானவர், ஒழுக்கமானவர், ஆசிரியர்களை மதிப்பவர், வகுப்பில் முதல் சிலரில் ஒருவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்' என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. போன வருடம் ஒரு பையனுக்கு எழுதியதை எடுத்துப் பார்த்தேன், அதுவும் இதேதான். ப்ராஜெக்டில் பாதியில் அளவுகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதை எழுதினால் குறையாகத் தெரியாதா? எப்படித் திருத்துவது?"

குறையாகத் தெரியாது. நீங்கள் எழுதியதிலேயே கடிதத்துக்கு உதவுகிற வரி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் எந்த மாணவருக்கும் பொருந்தும். அந்த ஒரு வரி அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் பொருந்தும். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அனுப்ப இருந்தீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் முதல் பத்து வருடம் அப்படித்தான் எழுதினேன்.

26 வருடம் இதே துறையில் பாடம் நடத்தியவன் நான். எழுதிக் கொடுத்த கடிதங்களுக்குக் கணக்கு இல்லை. அதைவிட அதிகம் கற்றுக்கொண்டது, ஆராய்ச்சிப் படிப்புக்கான தேர்வுக் குழுவில் சில வருடம் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய கடிதங்களைப் படித்தபோதுதான். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஒன்று உடனே புரியும். படிப்பவர் கையில் மதிப்பெண் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. மாணவர் தன்னைப் பற்றித் தானே எழுதிய கட்டுரையும் இருக்கிறது. எனவே 'நன்றாகப் படிப்பவர்' என்று நீங்கள் சொல்வதில் அவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. அவர் தேடுவது வேறு. இந்த ஆளிடம் ஒரு ஆய்வகத்தைக் கொடுத்து, மூன்று வாரம் யாரும் பக்கத்தில் நிற்காமல் விட்டால் என்ன நடக்கும்? சோதனை சொதப்பினால் வந்து சொல்வாரா, மறைப்பாரா? அதற்குப் பட்டியலிலும் கட்டுரையிலும் பதில் கிடையாது. பக்கத்திலிருந்து பார்த்த ஆசிரியருக்குத்தான் தெரியும்.

உங்கள் வரைவில் உள்ள சொற்கள் பொய் இல்லை. அவை எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். நம் ஊரில் பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் 'ஒழுக்கமும் பண்பும்' என்று ஒரு வரி இருக்கும், எதிரில் 'நன்று' என்று எழுதி முத்திரை குத்துவோம். பரிந்துரைக் கடிதத்தையும் நாம் அதன் நீட்சியாகவே எழுதப் பழகிவிட்டோம். ஒழுக்கம், நேர்மை, பெரியவர்களிடம் மரியாதை என்பவையெல்லாம் நமக்குப் பெரிய குணங்கள். தூரத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு அந்த வரிசை வேறு மாதிரி கேட்கும்: 'சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் நல்ல பெண் என்று முடித்துவிட்டார்.'

பெண் பிள்ளைகளுக்கு எழுதும்போது இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அமெரிக்க மருத்துவப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை இரண்டு ஆய்வாளர்கள் அலசி, 2003-இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் பொதுவாகக் குட்டையாக இருந்தன. சந்தேகத்தைக் கிளப்பும் வரிகள் அவற்றில் அதிகம். 'மாடாய் உழைப்பவர்' வகைச் சொற்களும் அவற்றில் அதிகம். ஆண்களுக்கான கடிதங்களில் ஆராய்ச்சி, திறமை பற்றிய பேச்சு கூடுதல். அது நம் ஊர் கடிதங்களைப் பற்றிய ஆய்வு இல்லைதான். ஆனாலும் உங்கள் வரைவைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. போன வருடம் அந்தப் பையனுக்கு எழுதியதில் 'ஆசிரியர்களை மதிப்பவர்' என்ற சொற்களுக்குப் பிறகு வேறு ஏதாவது கூடுதலாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

சரி, திருத்துவது எப்படி? நான் செய்வது இதுதான். முதல் வரைவை ஆங்கிலத்தில் எழுத மாட்டேன். நமக்கு ஆங்கிலக் கடிதம் என்றாலே கை தானாகப் பழைய அச்சில் ஓட ஆரம்பித்துவிடும். அதே பெண்ணைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே சக ஆசிரியரிடம் பேசினால் 'கடின உழைப்பாளி, நேர்மையானவர்' என்றா சொல்வீர்கள்? 'அந்த 2019 பேட்ச் பொண்ணு ஞாபகம் இருக்கா, குளத்துத் தண்ணி ப்ராஜெக்ட்ல எல்லா ரீடிங்கையும் தூக்கிப் போட்டுட்டு வந்து நின்னாளே' என்றுதான் ஆரம்பிப்பீர்கள். அதைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நினைவு வருகிற மொழியில் எழுதினால்தான் விவரமும் கூடவே வரும். ஆங்கிலமாக்குவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு சாட்சிகளைத் தேடுங்கள். ப்ராஜெக்ட் அறிக்கை துறை நூலகத்தில் இருக்கும். ஆய்வக ரெக்கார்டு, ரிவ்யூ மதிப்பெண் தாள், அப்போது வந்த மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டினால் போதும். அந்த மாணவியிடமும் கேளுங்கள். ஆனால் 'கடிதத்தை நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் கல்லூரிகளில் அது சர்வசாதாரணம் என்று எனக்கும் தெரியும். தேர்வுக் குழுவில் இருந்தபோது ஒரே விண்ணப்பத்தில் மூன்று ஆசிரியர்கள் பெயரில் வந்த மூன்று கடிதங்களிலும் ஒரே நடை, ஒரே பெயரடை, ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகு மூன்றில் எதையும் நம்ப முடியவில்லை. மாணவியிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: 'என்னோடு வேலை செய்ததில் உனக்கு நினைவிருக்கும் இரண்டு மூன்று சம்பவங்களை, நாள் எண் விவரத்தோடு அனுப்பு. எந்தத் துறை, என்ன ஆராய்ச்சி நோக்கிப் போகிறாய் என்பதையும் அனுப்பு.'

நான் கேட்டதும் நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்தே இதைச் செய்து பார்ப்போம். நான்கு பேர் குழு. ஊர்க்குளம் ஒன்றில் நான்கு இடங்களில் எட்டு வாரம் தண்ணீர் எடுத்து பி.ஓ.டி. பார்ப்பது திட்டம். துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி: தண்ணீரில் உள்ள கரிம அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்பதைப் பார்க்கும் சோதனை அது. மாதிரியைச் சுத்தமான நீரில் கலந்து நீர்க்கச் செய்து, 300 மில்லி கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, இன்குபேட்டரில் வைப்போம். முன்னும் பின்னும் ஆக்சிஜனை அளந்தால் வித்தியாசம் தெரியும். கூடவே அழுக்கே இல்லாத நீர் மட்டும் உள்ள ஒரு குப்பியையும் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ப்ளாங்க். அதில் ஆக்சிஜன் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் குறைந்தால், கலக்கப் பயன்படுத்திய நீரே கெட்டிருக்கிறது என்று பொருள்.

இவர்கள் முதல் இரண்டு வாரம் ப்ளாங்க் வைக்கவில்லை. அது குழுவின் தவறு, வழிகாட்டியான உங்கள் தவறும்கூட. (இதை நீங்களே சொன்னீர்கள், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.) மூன்றாவது வாரம் இந்தப் பெண் தானாக ஒன்றை வைத்தார். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் அதில் 0.7 குறைந்திருந்தது. அவர் காய்ச்சி வடித்த நீர் இருந்த 20 லிட்டர் பிளாஸ்டிக் கேனைக் கவிழ்த்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார், சுவர் வழுவழுவென்று பாசி பிடித்திருந்தது. குழுவில் ஒருவர் 'எல்லா அளவிலிருந்தும் 0.7-ஐக் கழித்துவிடலாமே' என்றார். 'முதல் இரண்டு வாரம் ப்ளாங்கே இல்லை, அப்போது எவ்வளவு கெட்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்' என்று இவர் மறுத்தார். மறுத்தது சரிதான். மாதிரியை ஐந்து மடங்கு நீர்த்திருந்தால் 0.7 பிழை கடைசிக் கணக்கில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிகிராமாக வந்து நிற்கும். குளத்துத் தண்ணீருக்கு அது சின்ன எண் இல்லை. ரிவ்யூவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. 12 மாதிரிகளின் அளவுகளையும் அடித்துவிட்டு, ஒரு தாளில் அட்டவணை போட்டுக்கொண்டு உங்கள் அறைக்கு வந்திருக்கிறார். அறிக்கையில் எட்டு வாரத்துக்குப் பதில் ஐந்து வாரம்தான் இருந்தது, ஏன் என்பதும் அதிலேயே இருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 'நேர்மையானவர்' என்ற சொல் உங்களுக்குத் தேவைப்படுகிறதா? அந்தச் சொல்லை நீங்கள் எழுதவே வேண்டாம், படிப்பவர் தானே சொல்லிக்கொள்வார். அப்படி அவர் சொல்லிக்கொண்டால் அதை நம்பவும் செய்வார்.

நான் எழுதினால் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும். தமிழிலேயே தருகிறேன், பொருள் பிடிபட்டதும் நீங்கள் ஆங்கிலமாக்கிக்கொள்ளலாம்.

"இவரை எனக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து தெரியும். சுற்றுச்சூழல் பொறியியல் பாடத்தையும் அதன் ஆய்வக வகுப்பையும் நான் நடத்தினேன். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கும் நானே வழிகாட்டி. கடந்த ஒன்பது ஆண்டுகளில் 31 மாணவர் குழுக்களுக்கு வழிகாட்டியிருக்கிறேன். தங்கள் அளவுகளை நான் சொல்வதற்கு முன் தாங்களே சந்தேகித்து என்னிடம் வந்த குழுக்கள் அவற்றில் இரண்டே இரண்டு. ஒன்று இவருடையது.

"ஊர்க்குளம் ஒன்றின் நீரில் பி.ஓ.டி. அளவு வாரந்தோறும் எப்படி மாறுகிறது என்பதைப் பார்ப்பது அவர்கள் வேலை. இந்தியத் தரமுறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துச் செய்தார்கள். மூன்றாவது வாரத்தில் அவர் வைத்த ப்ளாங்க் குப்பியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் குறைந்திருந்தது. காரணம் காய்ச்சி வடித்த நீரைச் சேமித்த கேனில் படிந்திருந்த பாசி என்பதை அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டார். முதல் இரண்டு வாரங்களில் ப்ளாங்க் வைக்கப்படவில்லை. அதை நானும் கவனித்திருக்க வேண்டும். பிழையைக் கழித்துச் சரிசெய்யலாம் என்ற யோசனையை, கழிக்க வேண்டிய அளவு தெரியாது என்ற காரணத்தைச் சொல்லி அவர் ஏற்கவில்லை. இரண்டாம் ரிவ்யூவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அதுவரை எடுத்த எல்லா அளவுகளையும் விலக்கிவிட்டார். என்னிடம் அனுமதி கேட்டு வரவில்லை. எது கெட்டது, எப்படித் தெரிந்தது, இனி என்ன செய்யப் போகிறோம் என்று மூன்று பத்தி கொண்ட அட்டவணையோடு வந்தார்.

"அந்த ரிவ்யூவில் காட்ட அவர்களிடம் குளத்தைப் பற்றிய எண் ஒன்றுகூட இல்லை. ப்ளாங்கைத்தான் காட்டினார்கள். ரிவ்யூ குழுவினர் கடுமையாகவே கேள்வி கேட்டார்கள், இவர் நிதானமாகப் பதில் சொன்னார். இறுதி அறிக்கையில் ஐந்து வார அளவுகளே உள்ளன. அவற்றைக் கொண்டு பருவ மாற்றம் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றும் அவரே எழுதியிருக்கிறார். எழுதுவதில்தான் அவருக்கு நேரம் பிடித்தது. செய்முறையையும் முடிவையும் கலந்து எழுதிய முதல் வரைவை மூன்று முறை திருப்பிக் கொடுத்தேன். நான்காவது வரைவில் நான் திருத்த அதிகம் இருக்கவில்லை.

"படிப்பு முடிந்து போகும் முன் அந்தக் கேனின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்: திங்கள்தோறும் கழுவவும், கழுவிய தேதி எழுதவும். மூன்று ஆண்டு ஆகிறது. சீட்டு கிழிந்து இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, பழக்கம் மட்டும் எங்கள் ஆய்வகத்தில் நின்றுவிட்டது. நான் ஒரு மாதம் ஊரில் இல்லாமல் ஆய்வகத்தை ஒருவரிடம் விட்டுப் போக வேண்டியிருந்தால் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். உங்கள் துறையின் எம்.எஸ். படிப்புக்கு இவரைத் தயக்கமில்லாமல் பரிந்துரைக்கிறேன்."

இதில் சில இடங்களை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். '27 டிகிரி, மூன்று நாள்' என்பதை வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். அமெரிக்காவில் இதே சோதனை 20 டிகிரியில் ஐந்து நாள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் துறை அறிந்தவர் 'மூன்று நாளா?' என்று இடறுவார், தவறாகச் செய்திருக்கிறார்கள் என்றுகூட நினைக்கலாம். 'நானும் கவனித்திருக்க வேண்டும்' என்ற வரியும் வேண்டும். தவறைப் பற்றிப் பேசும் கடிதத்தில் உங்கள் பங்கை ஒளித்தால், பழி முழுக்க மாணவி மேல் விழும். உங்கள் பங்கை நீங்களே சொல்லிவிட்டால் மற்ற வரிகளையும் நம்புவார்கள்.

'முதல் சிலரில் ஒருவர்' என்பதை எடுத்துவிட்டு '31 குழுக்களில் இரண்டு' என்று மாற்றியதும் அதே காரணத்தால்தான். ஒப்பிட்டால் எத்தனை பேரோடு, எதில் என்பது தெரிய வேண்டும். 31 என்பது உங்கள் பதிவேட்டிலிருந்து நீங்கள் எண்ணிச் சொன்னது, அதனால் போட்டேன். எண்ணிப் பார்க்காமல் 'முதல் ஐந்து சதவீதம்' என்று எழுதுவது வெறும் அலங்காரம். இணைய விண்ணப்பங்களில் கடிதத்தோடு ஒரு கட்டமும் வரும்: முதல் 1 சதவீதம், 5, 10, 25 என்று ஒவ்வொரு குணத்துக்கும் டிக் போடச் சொல்வார்கள். எல்லாவற்றிலும் மேல் கட்டத்தில் டிக் போட்டால் கட்டமே பயனற்றுப் போகும். ஆய்வகத் திறனில் மேல் கட்டம், எழுத்தில் அதற்கு அடுத்தது, நீங்கள் பார்க்காத ஒன்றுக்கு 'மதிப்பிடப் போதிய அடிப்படை இல்லை' என்ற கட்டம் என்று போடுங்கள். அந்தக் கடைசிக் கட்டத்தைத் தொடவே நம்மவர்கள் பயப்படுகிறார்கள். பயப்பட எதுவும் இல்லை.

கனிவு எங்கே வரும் என்றும் கேட்டிருந்தீர்கள், பெயரடை எல்லாம் போனால் கடிதம் வறண்டுவிடுமே என்று. சீட்டு ஒட்டிய விஷயத்தை நீங்கள் எனக்குச் சொன்னபோது அது இப்போதும் இருக்கிறது என்று இரண்டு முறை எழுதினீர்கள். அங்கேதான் உங்கள் பாசம் இருக்கிறது. அந்தச் சீட்டு ஒன்றே போதும், மேலே சர்க்கரை தூவ வேண்டாம். ஆய்வகச் சாவி வரி என் பழக்கம். உங்களுக்கு உண்மையில் அப்படித் தோன்றாவிட்டால் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு இயல்பாக வரும் வேறொன்றை எழுதினால் இன்னும் நல்லது.

எதை விட வேண்டும் என்பதில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய குறிப்பில் அவருடைய குடும்பக் கஷ்டம், அப்பா இறந்தது, அதன் பிறகு ஒரு செமஸ்டரில் மதிப்பெண் சரிந்தது எல்லாம் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அது அவருடைய கதை, அவர்தான் சொல்ல வேண்டும். ஒருவேளை தன் கட்டுரையில் அதைச் சொல்லாமல் விட முடிவு செய்திருந்தால், நீங்கள் சொல்லி வைப்பது துரோகமாகிவிடும். கேளுங்கள். 'அந்த செமஸ்டரைப் பற்றி நீங்கள் இரண்டு வரி எழுதினால் நல்லது மேடம்' என்று அவரே சொன்னால் எழுதுங்கள், அதுவும் நீங்கள் நேரில் பார்த்ததை மட்டும். திருமணம், சாதி, மதம், தோற்றம் எதுவும் எந்த நிலையிலும் வேண்டாம். இன்னொன்று, இந்த மூன்று வருடத்தில் அவர் வேலையில் செய்தது. அதை நீங்கள் அவர் சொல்லிக் கேள்விப்பட்டதுதான். அதை அவருடைய மேலாளர் எழுதட்டும். உங்கள் கடிதம் நீங்கள் கண்ட இரண்டு வருடத்தோடு நிற்கலாம். மூன்று வருடம் கழித்தும் ஒருவரைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுத முடிகிறது என்பதே அவருக்குப் பெரிய சிபாரிசு.

இதில் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதைச் சொல்லவில்லை என்பதையும் பிரித்துவிடுகிறேன். சம்பவம் இல்லாத கடிதம் கவனிக்கப்படாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நூற்றுக்கணக்கில் அப்படிக் கடந்து போயிருக்கிறேன், மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. ஆனால் நல்ல கடிதம் இடம் வாங்கித் தந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மதிப்பெண்ணுக்கு ஒரு வரம்பு வைத்து வடிகட்டும் இடங்களில் அந்த வரம்புக்குக் கீழே இருந்தால் எந்தக் கடிதமும் காப்பாற்றாது. வரம்பைத் தாண்டிய பத்துப் பதினைந்து பேரில் யாரை எடுப்பது என்று வரும்போதுதான் கடிதம் பேசும். ஆய்வக உதவித்தொகை, ஆராய்ச்சியோடு கூடிய எம்.எஸ். போன்றவற்றில் அதிகம் பேசும். பாடம் மட்டும் படித்து முடிக்கும் படிப்புகளில் குறைவு. நான் கடிதம் படித்ததெல்லாம் நம் நாட்டுத் தேர்வுக் குழுவில். வெளிநாட்டுத் துறைகளில் ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர்கள் சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

நடைமுறையில் சில. கடிதம் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். கல்லூரித் தலைப்புத் தாளில் எழுதி, கல்லூரி மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். சொந்த மின்னஞ்சலிலிருந்து வந்தால் எழுதியது நீங்கள்தானா என்ற கேள்வி வரும். பல்கலைக்கழகம் அனுப்பும் இணைப்பு ஸ்பேமில் போய் விழும், கடைசி நாள் வரை யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணிடம் பட்டியலும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டு நீங்களே தேடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றால் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும்: கடிதத்தைப் பிறகு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று. அந்த உரிமை 1974-இல் வந்த சட்டம் ஒன்றால் அங்கு படிக்கும் மாணவர்களுக்குக் கிடைத்தது. பெரும்பாலோர் விட்டுக்கொடுப்பார்கள், மாணவர் பார்க்காத கடிதத்தில் ஆசிரியர் மனம் விட்டு எழுதியிருப்பார் என்ற நம்பிக்கையில். அவர் அப்படி விட்டுக்கொடுத்திருந்தால் கடிதத்தை அவருக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லாதீர்கள். சம்பவ விவரங்களை மட்டும் போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

போன வருடத்துப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைப் பற்றி இப்படி ஒரு சம்பவம்கூட நினைவுக்கு வராவிட்டால், அடுத்த முறை அவர் கேட்கும்போது 'உன்னை எனக்கு வகுப்பில் பார்த்த அளவுதான் தெரியும், ப்ராஜெக்ட் வழிகாட்டியைக் கேள்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லச் சங்கடமாக இருக்கும். ஆனால் ஒன்றும் சொல்லாத கடிதம் விண்ணப்பத்தில் அவருக்கு உள்ள மூன்று கடிதங்களுக்கான இடங்களில் ஒன்றை வீணாக்கிவிடும்.

அனுப்பும் முன் நூலகத்துக்குப் போய் அந்த ப்ராஜெக்ட் அறிக்கையை எடுத்து 0.7-ஐயும் மூன்றாவது வாரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். ப்ளாங்க் வைத்தது நான்காவது வாரம் என்று எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் முதல் குறிப்பில் ஒரு இடத்தில் அப்படித்தான் இருந்தது. அப்படி இருந்தால் விலக்கிய மாதிரிகளும் 12 அல்ல, 16. அறிக்கையில் மிஞ்சிய வாரங்களின் கணக்கும் அதோடு மாறும்.